தலைப்பு வரி கிளார்க்குக்கு, கடிதம் தலைமையாசிரியருக்கு

கொழிஞ்சாம்பாறையில் நான் வைத்திருக்கும் டிடிபி கடையில் மே மாதம் வந்தால் கல்யாணப் பத்திரிகை வேலை பாதி, பள்ளிக்கூட விண்ணப்பம் பாதி என்று ஓடும். ஜூன் முதல் வாரம் கேரளப் பள்ளிகள் திறந்துவிடும். அதற்குள் ஆள் எடுக்க வேண்டும் என்று அந்தந்தப் பள்ளி வாட்ஸ்அப்பில் ஒரு அறிவிப்பைப் போட்டுவிடும். அதைப் பார்த்துவிட்டு பென் டிரைவோடு ஆட்கள் வருவார்கள். கவரிங் லெட்டரை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள், பார்க்க அழகாகவே இருக்கும். அதை மெயிலில் இணைத்த பிறகுதான் கேள்வி வரும்: "அண்ணா, இந்த இடத்தில என்ன எழுதறது?"

இந்த இடம் என்றால் இரண்டு இடங்கள். ஒன்று, சப்ஜெக்ட் என்று இருக்கும் தலைப்பு வரி. இன்னொன்று, அதற்குக் கீழே காலியாகக் கிடக்கும் பெரிய வெள்ளைக் கட்டம். கடிதம் தனிக் கோப்பாகப் போகும்போது இந்த இரண்டையும் எப்படி நிரப்புவது என்பதுதான் இங்கே விஷயம்.

போன வருஷம் வந்த ஒரு பெண்ணின் மெயிலையே எடுத்துக்கொள்கிறேன். பெயரை மட்டும் மாற்றி செல்வி என்று வைத்துக்கொள்வோம். எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்தவர். கேரளத்து ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில், உயர்நிலைப் பள்ளிக்கு உரிய மூன்றாம் பிரிவும் தேறியிருந்தார். சித்தூர் தாலுகாவிலேயே ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறார், அந்த இடத்துக்கு ஆள் வேண்டும், கவரிங் லெட்டரும் பயோடேட்டாவும் மெயிலில் அனுப்பவும் என்று அறிவிப்பு. அதில் பதவியின் பெயரை `HST Tamil` என்று போட்டிருந்தார்கள்.

செல்வி தலைப்பு வரியில் அடித்திருந்தது இது:

```
Application for the post of High School Teacher in Tamil - regarding
```

இதில் பிழை ஒன்றும் இல்லை. மனு எழுதிப் பழகிய கை அப்படித்தான் எழுதும். "பொருள்: இன்ன பணியிடம் வேண்டி விண்ணப்பம் – சார்பு" என்று பள்ளிக்கூடத்திலிருந்து எழுதி எழுதி வந்த பழக்கம். காகிதத்தில் அது முழு வரியாகக் கண்ணில் படும். போனில் அப்படி இல்லை. மெயில் பட்டியலில் தலைப்பு வரி ஓரத்தில் வெட்டுப்படும். எங்கே வெட்டும் என்பது போனுக்குப் போன் மாறும். நாற்பது எழுத்துக்குப் பக்கத்தில் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். செல்வியின் வரியை இடைவெளியோடு எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்பதாவது எழுத்தில் `School` முடிகிறது. அதாவது அங்கே இருப்பவருக்குத் தெரிவது "ஏதோ ஹைஸ்கூல் வேலைக்கு விண்ணப்பம்" என்பது மட்டும்தான். அந்தப் பள்ளி அதே வாரத்தில் கணக்குக்கும் ஹிந்திக்கும் ஆள் தேடிக்கொண்டிருந்தது. `Tamil` என்ற ஒரே முக்கியமான சொல் வெட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அங்கே இருப்பவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். பள்ளியின் மெயிலைத் தலைமையாசிரியர் திறப்பது அபூர்வம். ஆபீஸில் இருக்கும் கிளார்க்தான் திறப்பார். எங்கள் பக்கத்தில் அவர் மலையாளமும் ஆங்கிலமும் படிப்பார். தமிழ் பேசினால் புரியும், எழுத்து தெரியாமல் இருக்கலாம். வந்ததையெல்லாம் பதவிவாரியாகப் பிரித்து, அந்தந்தக் கோப்புகளை பிரிண்ட் எடுத்தோ வாட்ஸ்அப்பிலோ மேலே அனுப்புவது அவர் வேலை. தமிழ் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பவர் வேறு ஆள். ஆக ஒரே மெயிலுக்கு இரண்டு வாசகர்கள். தலைப்பு வரியும் கட்டத்தின் முதல் வரியும் கிளார்க்குக்கு. இணைப்பில் இருக்கும் கடிதம் தேர்வு செய்கிறவருக்கு. இதைப் புரிந்துகொண்டால் எதை எங்கே, எந்த மொழியில் எழுதுவது என்ற குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதனால் தலைப்பு வரியை இப்படி மாற்றினோம்:

```
HST Tamil - K. Selvi - Application
```

மொத்தம் முப்பத்துநான்கு எழுத்து. பதவி முதலில், பெயர் அடுத்து, கடைசியில் இது விண்ணப்பம் என்ற குறிப்பு. கடைசிச் சொல் வெட்டுப்பட்டாலும் நஷ்டமில்லை. பதவியின் பெயரை அறிவிப்பில் எப்படிப் போட்டிருக்கிறார்களோ அப்படியே போட்டோம். `High School Tamil Teacher` என்று நாமாக விரித்து எழுதினால் பொருள் ஒன்றுதான். ஆனால் கிளார்க் பின்னால் மெயிலில் `HST Tamil` என்று தேடும்போது முன்னால் வந்து நிற்பது அதே சொல்லோடு இருப்பவைதான். கம்பெனி விளம்பரங்களில் சில சமயம் ஒரு குறிப்பு எண் கொடுத்து, அதைத் தலைப்பில் போடச் சொல்வார்கள். அப்போது அந்த எண்தான் முதலில் வர வேண்டும், கோடும் புள்ளியும் உட்பட அவர்கள் கொடுத்த மாதிரியே.

வேண்டாதவை என்று பார்த்தால், `URGENT` வேண்டாம். அவசரம் நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை. முழுக்கப் பெரிய எழுத்தும் வேண்டாம். `Respected Sir` தலைப்பு வரிக்குள் வரவே கூடாது. பத்துக்கு மூன்று பேர் அதைத்தான் அங்கே போடுகிறார்கள் என்று என் அனுபவத்தில் சொல்வேன். தலைப்பைக் காலியாகவே விட்டால் ஜிமெயில் தானாக `(no subject)` என்று காட்டும். அந்த மெயிலைத் திறக்காமல் போனால் கிளார்க்கைக் குறை சொல்ல முடியாது.

பட்டியலில் தலைப்புக்கு முன்னால் தெரியும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அனுப்புநரின் பெயர். செல்வியின் மெயில் கணக்கை அவருடைய தம்பி எப்போதோ தன் போனில் திறந்து கொடுத்திருக்கிறார். பெயரும் தம்பியுடையது. தலைப்பில் `K. Selvi`, அனுப்பியவர் இடத்தில் வேறு யாரோ ஓர் ஆண். கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, `Settings`-க்குள் போய் `Accounts and Import` என்ற பகுதியில் `Send mail as` என்பதற்கு எதிரே இருக்கும் `edit info`-வை அழுத்தினால் பெயரை மாற்றிவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. மாற்றிய பிறகு என் கணக்குக்கு ஒரு வெற்று மெயில் அனுப்பச் சொல்லி, அங்கே எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனோம்.

இனி அந்த வெள்ளைக் கட்டம். இதில் இரண்டு விதமான ஆட்கள் உண்டு. ஒருவர் காலியாக விட்டு அனுப்புவார், "அதான் லெட்டர் உள்ள இருக்குதே" என்பார். தெரியாத இடத்திலிருந்து, உள்ளே ஒரு வார்த்தை இல்லாமல், கோப்பு மட்டும் தொங்கிக்கொண்டு வரும் மெயிலைத் திறக்க யாருக்கும் கை வராது. வைரஸ் மெயிலும் அப்படித்தான் வரும். இன்னொருவர் ஒன்றரைப் பக்கக் கவரிங் லெட்டரை அப்படியே கட்டத்திலும் ஒட்டி, கோப்பாகவும் இணைப்பார். செல்வி இந்த இரண்டாவது ரகம். ஒரே கடிதத்தை இரண்டு முறை பார்க்கும் கிளார்க், இரண்டும் ஒன்றுதானா, எதை பிரிண்ட் எடுப்பது என்று தடுமாறுவார். போனில் அவர் பெருவிரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனால்தான் இணைப்பே கண்ணில் படும்.

செல்வி ஒட்டியதில் இன்னொரு கூத்தும் நடந்தது. கடிதத்தை அவர் வேறொரு கடையில் பாமினி எழுத்துருவில் அடித்து வாங்கியிருந்தார். பிடிஎஃப் கோப்பாக மாற்றும்போது எழுத்துரு கோப்புக்குள்ளேயே ஏறிக்கொள்ளும். அதனால் எந்த போனில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். மெயில் கட்டத்துக்கு அந்த வசதி கிடையாது. வேர்டு கோப்பிலிருந்து காப்பி எடுத்துக் கட்டத்தில் போட்டதும் "வணக்கம்" என்ற சொல் இப்படி ஆனது:

```
tzf;fk;
```

பத்திரிகைக்கும் நோட்டீஸுக்கும் இன்றும் பாமினியில் அடிக்கும் கடைகள் உண்டு, என் கடையும் அதில் சேர்த்தி. ஆனால் மெயில் கட்டத்தில் எழுதுவது யூனிகோடாக இருக்க வேண்டும். போனில் தமிழ் கீபோர்டில் அடித்தால் யூனிகோடுதான் வரும், கவலையில்லை. டிடிபி கடையில் அடித்துக் கொடுத்ததை ஒட்டும்போதுதான் ஒரு கண் வைக்க வேண்டும்.

கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்தோம். கிளார்க்கின் இடத்தில் நின்று பார்த்தால் அவருக்கு நாலு விஷயம் தெரிந்தால் போதும். எந்த வேலைக்கு, அறிவிப்பில் கேட்ட தகுதி இருக்கிறதா, எப்போது வர முடியும், எத்தனை கோப்பு இணைத்திருக்கிறது. ஏன் இந்த வேலை வேண்டும், பாடம் நடத்தும் முறை என்ன, முன்பு வேலை பார்த்த இடத்தில் என்ன செய்தேன் என்பதெல்லாம் கடிதத்தின் சரக்கு. அதில் ஒரு வரியைக்கூடக் கட்டத்துக்கு எடுத்து வரத் தேவையில்லை.

அப்புறம் மொழி. தமிழ் டீச்சர் வேலைக்குத் தமிழில் எழுதுவதுதான் முறை. ஆனால் பிரிக்கிற ஆளுக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் இருந்தால்? ஜிமெயில் பட்டியலில் தலைப்பை அடுத்து, மெயிலின் முதல் சில சொற்கள் மங்கலாகத் தெரியும். அந்த முதல் வரியை மட்டும் ஆங்கிலத்தில் வைத்தோம், மற்றது தமிழ். கடைசியில் போனது இது:

```
HST Tamil application. 2 PDF files: covering letter, biodata.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உயர்நிலைப் பிரிவுத் தமிழாசிரியர் விடுப்புப்
பணியிடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். எம்.ஏ. தமிழ், பி.எட்.,
கே-டெட் மூன்றாம் பிரிவு தேறியுள்ளேன். மலையாளம் பேசவும்
படிக்கவும் தெரியும். ஜூன் முதல் நாளே பணியில் சேர இயலும்.

கவரிங் லெட்டரையும் பயோடேட்டாவையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
கி. செல்வி
(கைப்பேசி எண்)
```

இதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு. விடுப்புப் பணியிடம் என்று சொன்னதால், தற்காலிகம் என்று தெரிந்துதான் வருகிறார் என்பது புரியும். மலையாளம் தெரியும் என்ற வரியை முதலில் செல்வி சேர்க்கவில்லை. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே அண்ணா" என்றார். நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும் அம்மிணி, ஆனால் பொள்ளாச்சியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் விண்ணப்பம் வரும், அவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்காது, ஸ்டாஃப் மீட்டிங் மலையாளத்தில்தானே நடக்கும் என்றேன். பிறகு போட்டுக்கொண்டார். கம்பெனி வேலை என்றால், கஞ்சிக்கோடு தொழிற்பேட்டை மாதிரி இடத்துக்கு, முழுவதையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம். அமைப்பு மாறாது, நீளமும் இதற்கு மேல் வேண்டாம். போனில் ஒரே திரையில் அடங்கி, அடியில் இணைப்பின் மூக்காவது தெரிய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கட்டத்தில் எழுதுவது அந்த ஆபீஸுக்குள் வெகுதூரம் பயணம் செய்யாது. கிளார்க் இணைப்பை இறக்கி பிரிண்ட் எடுப்பார், இல்லையென்றால் பிடிஎஃப்பை மட்டும் தலைமையாசிரியரின் வாட்ஸ்அப்புக்குத் தள்ளுவார். அந்த நிமிஷமே தலைப்பு வரியும் கட்டத்தில் எழுதியதும் காணாமல் போகும். அதனால் கட்டத்தில் இருப்பது எல்லாம் கடிதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். "பயோடேட்டாவில் பழைய நம்பர் இருக்கிறது, புது நம்பர் இது" என்று கட்டத்தில் எழுதி அனுப்பிய ஒருவரை எனக்குத் தெரியும். தேர்வு செய்தவர்கள் கையில் இருந்தது பிரிண்ட் தாள். கூப்பிட்டது பழைய நம்பருக்கு.

மெயிலிலிருந்து பிரிந்து போகும் கோப்போடு கூடவே போவது அதன் பெயர் ஒன்றுதான். செல்வியின் கோப்புகள் வந்தபோது `Document (3).pdf`, `letter final new.pdf` என்று இருந்தன. தலைமையாசிரியரின் போனில் ஏற்கெனவே இரண்டு `Document` கிடக்கும். மாற்றினோம்:

```
Selvi_HST_Tamil_Covering_Letter.pdf
Selvi_HST_Tamil_Biodata.pdf
```

வேர்டு கோப்பாக அனுப்பாமல் பிடிஎஃப்பாக்கியதற்குக் காரணம், போனில் வேர்டு கோப்பு வரி கலைந்து திறக்கும், பாமினியாக இருந்தால் சொல்லவே வேண்டாம். கோப்புக்குக் கடவுச்சொல் பூட்டு போடவும் வேண்டாம். சான்றிதழ்களையும் ஸ்கேன் செய்து சேர்த்தே அனுப்பச் சொன்னால் மொத்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 எம்பி. அதைத் தாண்டினால் கோப்பு இணைப்பாகப் போகாது, கூகுள் டிரைவ் லிங்காக மாறிப் போகும். அனுமதி சரியாகக் கொடுக்காவிட்டால் அந்தப் பக்கம் திறக்காது. கேட்காத சான்றிதழை அனுப்பாமல் இருந்தாலே பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது. கவரிங் லெட்டர் ஒரு பக்கம் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும்.

அனுப்பும் வரிசையில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். முதலில் கோப்பை இணைக்க வேண்டும், பிறகு கட்டம், பிறகு தலைப்பு, பெறுநர் முகவரி கடைசியில். முகவரி இல்லாத மெயில் தவறி விரல் பட்டாலும் போகாது. எல்லாம் முடிந்ததும், இணைத்த கோப்பை அந்த மெயிலுக்குள்ளிருந்தே தட்டித் திறந்து ஒருமுறை படிக்க வேண்டும். நம் கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வதில் அர்த்தமில்லை. மெயிலில் ஏறியிருப்பது எது என்பதுதான் கேள்வி.

இந்தப் பிடிவாதம் பட்டு வந்தது. சில வருஷத்துக்கு முன் ஒருவருக்கு நானே மெயில் அனுப்பிக் கொடுத்தேன். தலைப்பு சரி, கட்டம் சரி. இணைத்த கடிதம் மட்டும் அதற்கு முந்தின வாரம் வேறொரு பள்ளிக்கு அவர் எழுதியது. முதல் வரியிலேயே அந்தப் பள்ளியின் பெயர். கோப்பு ஒரே போல்டரில், ஒரே மாதிரிப் பெயரில் கிடந்தது. நான் திறந்து பார்க்கவில்லை. சாயங்காலம் அவர்தான் கண்டுபிடித்தார்.

அப்படி ஆகிவிட்டால் புது மெயில் எழுதக் கூடாது. `Sent`-க்குள் போய், அனுப்பிய மெயிலையே திறந்து, அதற்கு `Reply` கொடுக்க வேண்டும். பெறுநர் இடத்தில் பள்ளியின் முகவரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தலைப்பைத் தொடாமல் விட்டால் இரண்டும் ஒரே அடுக்காகச் சேர்ந்து நிற்கும். "முந்தைய மெயிலில் தவறான கோப்பு இணைந்துவிட்டது. சரியான கடிதம் இதோ இணைத்துள்ளேன். இதையே எடுத்துக்கொள்ளவும்" என்று மூன்றே வரி போதும். காரணம், விளக்கம், நாலு முறை மன்னிப்பு எதுவும் வேண்டாம். உடனே கண்ணில் பட்டுவிட்டால் இன்னும் சுலபம். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப இழுக்க `Undo` உண்டு. வழக்கமாக ஐந்து நொடிதான் கொடுக்கும். கம்ப்யூட்டரில் `Settings`-இல் `General` பகுதியில் `Undo Send` என்ற இடத்தில் அதை முப்பது நொடி வரை நீட்டிக்கொள்ளலாம். அந்த முப்பது நொடியில்தான் தப்பு கண்ணில் படும் என்பது என் கடையில் எழுதப்படாத விதி.

இதெல்லாம் கடிதத்தைத் தனிக் கோப்பாகக் கேட்கும் இடங்களுக்கு. "இணைப்பு வேண்டாம், கடிதத்தை மெயிலிலேயே எழுதவும்" என்று சொல்லும் இடமும் உண்டு. அங்கே கட்டம்தான் கடிதம், மேலே சொன்ன சுருக்கம் பொருந்தாது. தலைப்பு வரிக்கு மட்டும் அதே கணக்கு.

செல்வியின் மெயில் ஒரு வியாழக்கிழமை மதியம் போனது. கடைசித் தேதி முடிந்து நாலு நாள் ஆகியும் பதில் இல்லை. பழைய மெயிலுக்கே `Reply` கொடுத்து, விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்று தெரிவிக்க முடியுமா என ஒற்றை வரி போடச் சொன்னேன். மறுநாள் காலையில் கிளார்க்கே போன் செய்தார். மெயிலைத் தேட அவருக்குச் சிரமம் இருக்கவில்லை. கோப்பு போன வாரமே மேலே போய்விட்டதாம். திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு வரச் சொன்னார். கவரிங் லெட்டரில் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியும் வேண்டும் என்றார். அதை பிரிண்ட் எடுக்கத்தான் செல்வி மறுபடி கடைக்கு வந்தார்.